பக்கம் பக்கமாக வரும் தரவு, அளந்து கிடைக்கும் அனுமதி

ஒரு நிறுவனத்தின் கணினி இன்னொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து தினமும் குறித்த நேரத்தில் பதிவுகளை எடுத்து வந்து தன் தரவுதளத்தில் சேர்ப்பது இன்று எங்கும் நடக்கும் வேலை. கடையின் ஆன்லைன் ஆர்டர்கள், வங்கிப் பரிவர்த்தனைகள், வாடிக்கையாளர் புகார்கள் என எடுக்கப்படும் பொருள் மாறலாம், முறை ஒன்றுதான். நிரல் ஒன்று சேவையின் ஏபிஐ முகவரிக்குக் கோரிக்கை அனுப்புகிறது. சேவை பதிவுகளைத் திருப்பி அனுப்புகிறது. சேவை இதில் இரண்டு கட்டுப்பாடுகளை வைக்கிறது. எல்லாப் பதிவுகளையும் ஒரே பதிலில் கொடுக்காது, பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் இத்தனை முறைதான் கேட்கலாம் என்ற வரம்பும் உண்டு. இந்த இரண்டையும் சரியாகக் கையாளாத நிரல் பெரும்பாலும் பிழை காட்டி நிற்பதில்லை. வேலை முடிந்தது என்று அறிவித்துவிட்டு, சில பதிவுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது.

இதை விளக்க கிட்ஹப் சேவை நல்ல எடுத்துக்காட்டு. மென்பொருள் திட்டங்களைச் சேமித்து வைக்கும் இந்தத் தளத்தில் ஒவ்வொரு திட்டத்திற்கும் 'இஷ்யூ' எனப்படும் பதிவுகள் உண்டு. பயனர்கள் தெரிவிக்கும் பிழைகளும் கேட்கும் வசதிகளும் அவற்றில் இருக்கும். ஒரு திட்டத்தில் 12,000 இஷ்யூக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை உள்ளூர் தரவுதளத்தில் நகலெடுத்து, தினமும் அதிகாலை 2.17 மணிக்குப் புதிய மாற்றங்களைச் சேர்ப்பது நிரலின் வேலை. சரியாக 2.00 மணிக்கு வைக்காததற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் பலர் தங்கள் தானியங்கி வேலைகளை மணியின் தொடக்கத்திலேயே வைப்பதால் அந்த நிமிடத்தில் சேவைகளின் சுமை கூடும். சில நிமிடங்கள் தள்ளி வைத்தால் அந்த நெரிசலைத் தவிர்க்கலாம்.

முதல் பக்கத்தோடு நின்றுவிடும் நிரல்

எந்தக் குறிப்பும் தராமல் இஷ்யூக்களின் பட்டியலைக் கேட்டால் கிட்ஹப் 30 பதிவுகளை மட்டும் அனுப்பும். `per_page=100` என்று கேட்டால் 100 வரும். அதற்கு மேல் கேட்டாலும் ஒரு பக்கத்தில் 100தான் கிடைக்கும். 12,000 பதிவுகளை 30, 30 ஆக எடுத்தால் 400 கோரிக்கைகள் ஆகும். 100, 100 ஆக எடுத்தால் 120 போதும். வரம்பை எதிர்கொள்ளும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

அடுத்த பக்கம் இருக்கிறதா என்பதைச் சேவையே சொல்கிறது. ஒவ்வொரு பதிலுடனும் சில தலைப்பு வரிகள் வரும். நிரலாளர்கள் இவற்றை ஹெடர் என்பார்கள். அவற்றில் `link` என்ற வரி அடுத்த பக்கத்தின் முழு முகவரியைத் தரும்.

```
link: <https://api.github.com/repositories/1300192/issues?per_page=100&page=3>; rel="next"
```

`rel="next"` என்ற குறி இருக்கும் வரை அடுத்த பக்கம் உண்டு. அந்தக் குறி இல்லாத பதிலே கடைசிப் பக்கம். முகவரியை அப்படியே எடுத்துப் பயன்படுத்த வேண்டுமே தவிர, பக்க எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டி நிரலே முகவரி தயாரிக்கக் கூடாது. சேவை பக்க எண்ணுக்குப் பதிலாக `after` என்ற பெயரில் ஒரு குறியீட்டைத் தரலாம். நீளமான பட்டியல்களுக்குப் பல சேவைகள் அப்படித்தான் தருகின்றன. முகவரியைத் தானே தயாரிக்கும் நிரல் அன்று நின்றுவிடும்.

நூறுக்குக் குறைவாக வந்தால் அதுவே கடைசிப் பக்கம் என்று முடிவு செய்யும் நிரல்களும் உண்டு. அந்த முடிவு எல்லாச் சேவையிலும் செல்லாது. சில சேவைகள் 100 பதிவுகளை எடுத்து, பார்க்க அனுமதி இல்லாதவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சிய 97-ஐ அனுப்பும். அதன் பிறகும் பக்கங்கள் இருக்கும். எனவே பக்கத்தின் நீளத்தை நம்பாமல், அடுத்த பக்கத்துக்கான குறி இருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

நிரல் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. தரவுதளத்தில் பதிவுகளின் எண்ணிக்கை சரியாக 30 அல்லது 100 என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சோதனைக்கு எடுத்துக்கொண்ட திட்டத்தில் இருபதே இஷ்யூக்கள் இருந்தால் இந்தத் தவறு சோதனையில் தெரியவே தெரியாது. நூறுக்கு மேல் பதிவுகள் உள்ள திட்டத்தை வைத்துச் சோதிப்பதன் காரணம் இதுதான்.

இஷ்யூ பட்டியலில் இன்னும் இரண்டு விவரங்கள் கவனிக்க வேண்டியவை. குறிப்பாகக் கேட்காவிட்டால் திறந்த நிலையில் உள்ள இஷ்யூக்கள் மட்டுமே வரும். நேற்று எடுத்த ஒரு இஷ்யூ இன்று மூடப்பட்டால் அது பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். உள்ளூர் நகலில் அது என்றென்றும் திறந்தே கிடக்கும். அதனால் `state=all` என்று கேட்க வேண்டும். நிரல் மாற்றங்களைச் சேர்க்கக் கோரும் 'புல் ரிக்வெஸ்ட்'களும் இதே பட்டியலில் கலந்து வரும். `pull_request` என்ற புலம் உள்ள பதிவுகள் அவை. அவற்றைப் பிரிக்காமல் எண்ணினால் இஷ்யூக்களின் கணக்கு தப்பும்.

படிக்கும்போதே நகரும் பட்டியல்

பக்கங்களை எல்லாம் படித்துவிட்டாலும் பதிவுகள் விடுபடலாம். நிரல் பக்கங்களைப் படித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் பயனர்கள் பதிவுகளை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் இதற்குக் காரணம்.

கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தின்படி, பழையது முதலில் வருமாறு அடுக்கிய 250 பதிவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நிரல் முதல் பக்கத்தில் 1 முதல் 100 வரை படித்துவிட்டது. அந்தச் சமயம் யாரோ 40-ஆம் பதிவில் ஒரு கருத்தை எழுதுகிறார். அந்தப் பதிவின் மாற்ற நேரம் இப்போதைய நேரமாகிவிடுவதால் அது பட்டியலின் கடைசிக்குப் போகிறது. அதற்குப் பின்னால் இருந்த எல்லாம் ஓர் இடம் முன்னே நகர்கின்றன. 101-ஆவதாக இருந்த பதிவு இப்போது 100-ஆவது. நிரல் இரண்டாம் பக்கத்தைக் கேட்கும்போது சேவை 101 முதல் 200 வரை உள்ள இடங்களைத் தருகிறது. அதில் முதலில் இருப்பது முன்பு 102-ஆக இருந்த பதிவு. பழைய 101 எந்தப் பக்கத்திலும் வரவில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களைப் பத்துப் பத்தாக எண்ணும்போது, எண்ணி முடித்த ஒருவர் வெளியே வந்து மறுபடி கடைசியில் நின்றால் நடப்பதும் இதுவே. அவரை இரண்டு முறை எண்ணுவோம். பதினொன்றாவதாக நின்றவரை எண்ணாமல் விட்டுவிடுவோம்.

வரிசையைத் திருப்பிப் போட்டு, புதியது முதலில் வருமாறு கேட்டாலும் சிக்கல் தீராது. இடையில் மாற்றப்படும் பதிவு பட்டியலின் தலைக்கு வருவதால் மற்றவை பின்னே தள்ளப்படும். முதல் பக்கத்தின் கடைசிப் பதிவு இரண்டாம் பக்கத்தில் மறுபடி வரும். இது வெறும் இரட்டிப்பு என்பதால் தீங்கு குறைவு. ஆனால் தலைக்கு வந்த பதிவு, நிரல் ஏற்கெனவே கடந்துவிட்ட முதல் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. அதன் புதிய நிலை இந்த ஓட்டத்தில் நிரலின் கண்ணில் படாது.

பக்க எண்ணை நம்பாமல், கடைசியாகப் படித்த பதிவின் நேரத்தை அடையாளமாக வைத்து நகர்வதே இதற்குத் தீர்வு. கிட்ஹப்பின் இஷ்யூ பட்டியலில் `since` என்ற அளவுரு இதற்கு உதவுகிறது. கொடுத்த நேரத்துக்குப் பின் மாற்றப்பட்ட பதிவுகளை மட்டும் அது தரும். நிரல் 100 பதிவுகளைப் படித்ததும், அதில் கடைசிப் பதிவின் மாற்ற நேரத்தை எடுத்து, அதையே புதிய `since` ஆக வைத்து மறுபடி முதல் பக்கத்தைக் கேட்கிறது. பைத்தான் மொழியில் அதன் எலும்புக்கூடு இது:

```python
since = load_mark()
while True:
    r = fetch(state="all", sort="updated",
              direction="asc", per_page=100, since=since)
    rows = r.json()
    save(rows)
    if "next" not in r.links:
        break
    since = rows[-1]["updated_at"]
```

முந்தைய கணக்கையே இதில் போட்டுப் பார்க்கலாம். 40-ஆம் பதிவு நகர்ந்து கடைசிக்குப் போனாலும், நிரல் இப்போது கேட்பது இடத்தை அல்ல, நேரத்தை. 100-ஆம் பதிவின் நேரத்திலிருந்து தொடங்கினால் 101-ஆம் பதிவு அதற்குப் பின்னேதான் இருக்கும், விடுபட வழியில்லை. 40-ஆம் பதிவு புதிய உள்ளடக்கத்துடன் இன்னொரு முறை வரும். எல்லையில் நிற்கும் 100-ஆம் பதிவும் மறுபடி வரலாம். எனவே `save` என்ற பகுதி பதிவின் `id` எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே இருந்தால் அதை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மட்டுமே புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரே பதிவு எத்தனை முறை வந்தாலும் தரவுதளத்தில் ஒரு வரிதான் இருக்கும். இந்த ஏற்பாடு இருந்தால் கூடுதலாகப் படிப்பதால் கெடுதல் இல்லை; அந்த நிலையில் நிரல் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் படிக்கும் பக்கமே சாயலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். நிர்வாகி ஒருவர் தானியங்கிக் கருவியால் பல நூறு இஷ்யூக்களுக்கு ஒரே நேரத்தில் முத்திரை இட்டால், நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளின் மாற்ற நேரம் ஒரே நொடியாக அமையலாம். அப்போது முதல் பக்கத்தின் கடைசிப் பதிவின் நேரமும் `since` நேரமும் ஒன்றாகவே இருக்கும். நிரல் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சுழலும். நேரம் முன்னேறவில்லை என்று தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் `next` முகவரியைப் பின்பற்றி அந்த நொடியைக் கடக்க வேண்டும்.

எதுவரை படித்தோம் என்ற குறி

12,000 பதிவுகளையும் தினமும் எடுக்கத் தேவையில்லை. முதல் நாள் மட்டும் முழுப் பட்டியலையும் எடுத்துவிட்டு, மறுநாள் முதல் கடைசிக் குறிக்குப் பின் மாறியவற்றை எடுத்தால் போதும். ஒரு நாளில் 240 பதிவுகள் மாறியிருந்தால் மூன்று கோரிக்கைகளில் வேலை முடியும். இதற்காக நிரல் சேமித்து வைக்கும் நேரக்குறியில்தான் பல நிரல்கள் தவறுகின்றன.

வேலை முடிந்ததும் தன் கணினியின் கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தைக் குறியாக எழுதுவது அடிக்கடி காணப்படும் தவறு. நிரல் 2.17-க்குத் தொடங்கி 2.25-க்கு முடிகிறது; நிரல் படித்துக் கடந்த பிறகு, 2.24-க்கு ஒரு பதிவு மாறுகிறது, குறியில் 2.25 என்று எழுதப்படுகிறது. மறுநாள் 2.25-க்குப் பின் மாறியவை மட்டும் கேட்கப்படும்போது அந்தப் பதிவு வராது. உள்ளூர் கடிகாரம் சேவையின் கடிகாரத்தைவிட முன்னே ஓடினால் இடைவெளி இன்னும் பெரிதாகும். இந்திய நேரத்தை உலகப் பொது நேரம் என்று தவறாக அனுப்பினால் ஐந்தரை மணி நேரப் பதிவுகள் மொத்தமாகப் போய்விடும். அதிகாலை 2.17 என்பது பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 20.47. கிட்ஹப் எதிர்பார்க்கும் வடிவம் `2025-12-30T20:47:00Z` என்பது போன்றது. கடைசியில் வரும் Z எழுத்து பொது நேரத்தைக் குறிக்கிறது.

எனவே குறி எப்போதும் சேவை தந்த பதிவுகளிலிருந்தே வர வேண்டும்: சேமித்த பதிவுகளில் கடைசிப் பதிவின் `updated_at`. அடுத்த ஓட்டத்தில் அந்தக் குறியிலிருந்து ஐந்து நிமிடம் பின்னே போய்த் தொடங்குவது நல்லது. சேவைகள் தங்கள் தரவைப் பல கணினிகளில் நகலெடுத்து வைத்திருக்கும். ஒரு நகல் சில நொடிகள் பின்தங்கி இருந்தால் அப்போது நடந்த மாற்றம் பட்டியலில் தாமதமாகத் தலைகாட்டும். ஐந்து நிமிட மேற்கவிவு அதைப் பிடித்துவிடும். அதற்கு ஆகும் செலவு ஏற்கெனவே உள்ள சில பதிவுகளை மறுபடி எழுதுவது மட்டுமே.

பழையது முதலில் என்ற வரிசைக்கு இங்கே இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்தவுடன் குறியை முன்னே நகர்த்தலாம், ஏனெனில் அந்த நேரத்துக்கு முந்தியவை எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டன. எழுபதாம் பக்கத்தில் இணைப்பு அறுந்தாலும் அடுத்த ஓட்டம் அங்கிருந்தே தொடரும். புதியது முதலில் என்ற வரிசையில் இது இயலாது. முதல் பக்கத்தின் நேரத்தைக் குறியாக எழுதிய பிறகு நிரல் நின்றால், படிக்காத பழைய பக்கங்கள் அனைத்தும் குறிக்குப் பின்னால் சிக்கி, யாரும் தேடாத இடத்தில் கிடக்கும். பதிவுகளைச் சேமிப்பதும் குறியை மாற்றுவதும் ஒரே தரவுதளப் பரிவர்த்தனையில் நடக்க வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டுமே நடக்கக் கூடாது.

ஒரு மணி நேரத்துக்கு இத்தனை முறை

யார் கேட்கிறார்கள் என்று சொல்லாமல் வரும் கோரிக்கைகளுக்கு கிட்ஹப் ஓர் ஐபி முகவரிக்கு மணிக்கு 60 என்ற வரம்பை வைத்திருக்கிறது. பயனரின் டோக்கனைக் காட்டிக் கேட்டால் மணிக்கு 5,000 வரை கேட்கலாம். டோக்கன் இல்லாமல், பக்கத்துக்கு 30 பதிவுகள் என்று கேட்கும் நிரலுக்கு 400 கோரிக்கைகள் தேவை. மணிக்கு 60 வீதம் ஆறு முழு மணி நேரம் கழிந்து ஏழாவது மணியில்தான் அது முடியும். பக்கத்துக்கு 100 என்று மாற்றினால் 120 கோரிக்கைகள். முதல் 60 உடனே, அடுத்த 60 ஒரு மணி நேரம் கழித்து. டோக்கனும் இருந்தால் வரம்பு ஒரு பொருட்டே இல்லை. நிரலில் ஒரு வரியும் ஒரு டோக்கனும் சேர்த்தது இந்த வேறுபாட்டைத் தருகிறது.

இந்த 5,000 என்பது டோக்கனுக்கு அல்ல, பயனருக்கு உரியது. ஒரே பயனர் ஐந்து டோக்கன்கள் எடுத்தாலும் ஐந்தும் ஒரே கணக்கில்தான் கழியும். இரவு நிரலும், பகலில் அலுவலகத்தில் ஓடும் வேறு கருவிகளும் ஒரே பயனர் கணக்கைப் பகிர்ந்துகொண்டால், ஒன்றின் செலவு மற்றொன்றை முடக்கும். நிரலில் பிழையே இல்லாமல் திடீரென மறுப்பு வரத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

எவ்வளவு மீதம் என்பதை ஒவ்வொரு பதிலும் தெரிவிக்கும்.

```
x-ratelimit-limit: 5000
x-ratelimit-remaining: 4873
x-ratelimit-reset: 1767225600
```

கடைசி எண் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கை. இங்கே உள்ளது 2026 ஜனவரி 1, பொது நேரம் நள்ளிரவைக் குறிக்கிறது. இந்தியாவில் அப்போது காலை 5.30. அந்த நேரம் வந்ததும் மீதம் மறுபடி 5,000 ஆகும். மீதம் தீரும் வரை ஓடி மறுப்பு வாங்குவதைவிட, இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓடுவது மேல். மீதம் 200-க்குக் கீழே போனால் நிரல் தானாக நின்று, `reset` நேரம் வரை காத்திருந்து தொடரலாம். அதே கணக்கைப் பயன்படுத்தும் மற்ற கருவிகளுக்கும் அந்த 200 மிஞ்சும்.

மணிநேரக் கணக்கைத் தவிர இரண்டாம் நிலை வரம்பு ஒன்றும் உண்டு. ஒரே சமயத்தில் நூறு கோரிக்கைகளுக்கு மேல் நிலுவையில் இருக்கக் கூடாது; ஒரு நிமிடத்தில் 900 புள்ளிகளுக்கு மேல் செலவிடக் கூடாது. படிக்கும் கோரிக்கை ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒரு புள்ளி. மணிக்கு 5,000 இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் அனுப்பும் நிரல் இங்கே சிக்கும். அப்போது `x-ratelimit-remaining` நான்காயிரத்துக்கும் மேல் காட்டினாலும் மறுப்பு வரும் என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்திருப்பவர் குழம்பிப் போவார். கோரிக்கைகளை இணையாக அனுப்பாமல், ஒன்றன் பதில் வந்த பின் அடுத்ததை அனுப்பினால் இந்த வரம்பை நெருங்குவதே அரிது. நேரக்குறியைப் பின்பற்றி நகரும் முறையில் முந்தைய பதில் வராமல் அடுத்ததைக் கேட்கவே முடியாது என்பதால் இந்த ஒழுங்கு தானே அமைந்துவிடுகிறது.

மறுப்பு வந்தால்

மிகுதியாகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்ல இணைய நெறிமுறையில் 429 என்ற எண் உண்டு. 2012-இல் வெளியான ஆர்எஃப்சி 6585 ஆவணம் அதை வரையறுத்தது. கிட்ஹப் இதற்கு 429 அல்லது 403 என்ற இரண்டில் ஒன்றை அனுப்பும். 403 என்பது அனுமதி இல்லை என்பதற்கும் வரும் எண் ஆகையால், எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. தலைப்பு வரிகளையும் பதிலில் உள்ள செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வரம்பு மீறலால் வந்த மறுப்பு என்று உறுதியானபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்குக் கிட்ஹப்பின் வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது.

```python
def wait_seconds(r, attempt):
    h = r.headers
    if "retry-after" in h:
        return int(h["retry-after"])
    if h.get("x-ratelimit-remaining") == "0":
        return max(0, int(h["x-ratelimit-reset"]) - time.time()) + 5
    return 60 * 2 ** attempt
```

`retry-after` என்ற வரி இருந்தால் அதில் சொன்ன நொடிகள் காத்திருக்க வேண்டும். அது இல்லாமல் மீதம் பூஜ்யமாக இருந்தால் `reset` நேரம் வரை. இரண்டும் இல்லாவிட்டால் குறைந்தது ஒரு நிமிடம், மறுபடி மறுத்தால் இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் சேர்த்த ஐந்து நொடி, இரு கணினிகளின் கடிகாரங்களுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாட்டுக்காக. ஒரே கணக்கில் பல நிரல்கள் ஓடினால் ஒவ்வொன்றும் தன் காத்திருப்பில் சில நொடிகளைத் தாறுமாறாகக் கூட்டிக்கொள்வது நல்லது; இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நொடியில் விழித்து மறுபடி மோதும்.

இந்தக் காத்திருப்புக்கும் ஒரு முடிவு வேண்டும். ஐந்து முறை முயன்றும் பதில் வராவிட்டால் நிரல் தோல்வி என்று அறிவித்து நிற்க வேண்டும். குறி பத்திரமாக இருப்பதால் அடுத்த ஓட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். மறுப்பு வந்த பிறகும் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் நிரலை முழுவதுமாகத் தடை செய்யக்கூடும் என்று கிட்ஹப் எச்சரிக்கிறது.

எல்லாப் பிழைக்கும் காத்திருப்பு மருந்தல்ல. 502, 503 போன்றவை சேவையின் தற்காலிகக் கோளாறுகள். சிறிது பொறுத்து மறுபடி கேட்கலாம். 401 என்றால் டோக்கன் செல்லாது. 404 என்றால் முகவரியில் அந்தத் திட்டம் இல்லை அல்லது அதைப் பார்க்க டோக்கனுக்கு அனுமதி இல்லை. இவற்றுக்கு எத்தனை மணி நேரம் காத்தாலும் பதில் மாறாது. உடனே நின்று ஒரு மனிதருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். எந்தப் பிழையானாலும் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது மட்டும் கூடவே கூடாது. பதிவுகள் சத்தமில்லாமல் தொலையும் வழிகளில் அதுவே மோசமானது.

கேட்பதைக் குறைத்தல்

வரம்பைச் சமாளிக்கச் சிறந்த வழி குறைவாகக் கேட்பது. ஒவ்வொரு இஷ்யூவின் கீழும் உள்ள கருத்துகளும் தேவை என்று வைத்துக்கொள்வோம். இஷ்யூ ஒன்றுக்கு ஒரு கோரிக்கை என்று எழுதினால் 12,000 கோரிக்கைகள். மணிக்கு 5,000 என்ற வரம்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் திட்டத்தின் எல்லாக் கருத்துகளையும் ஒரே பட்டியலாகத் தரும் `/repos/OWNER/REPO/issues/comments` என்ற முகவரி இருக்கிறது. அதுவும் பக்கத்துக்கு 100 வீதம் தருகிறது, `since` அளவுருவையும் ஏற்கிறது. 36,000 கருத்துகள் இருந்தாலும் 360 கோரிக்கைகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாகக் கேட்கும் சுழற்சி நிரலில் தென்பட்டால், மொத்தமாகத் தரும் முகவரி இருக்கிறதா என்று சேவையின் ஆவணத்தில் முதலில் தேட வேண்டும்.

மாற்றம் எதுவும் இல்லாத நாட்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பல பதில்களுடன் `etag` என்ற அடையாளச் சரம் வரும். அதே முகவரியை அடுத்த முறை கேட்கும்போது அந்தச் சரத்தை `if-none-match` என்ற வரியில் திருப்பி அனுப்பினால், ஏதும் மாறவில்லை என்றால் உள்ளடக்கம் இல்லாத 304 என்ற பதில் வரும். டோக்கனுடன் கேட்கும்போது இந்த 304 பதில்கள் மணிநேர வரம்பில் கழிக்கப்படுவதில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் நிரலுக்கு இது மிகவும் பயன்படும்.

அடிக்கடி ஓடும் நிரலில் ஓர் ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. `reset` நேரத்துக்காக நாற்பது நிமிடம் காத்திருக்கும் ஓட்டத்தின் மேல் இன்னும் இரண்டு ஓட்டங்கள் ஏறி உட்கார்ந்தால், மூன்றும் ஒரே வரம்பைத் தின்று, ஒரே குறியை மாறி மாறி எழுதும். லினக்ஸ் கணினியில் `flock -n` கட்டளை இதைத் தடுக்கும். முந்தைய ஓட்டம் பூட்டை வைத்திருந்தால் புதியது தொடங்காமல் விலகிவிடும்.

```
17 2 * * * flock -n /tmp/issues.lock python3 /opt/sync/issues.py
```

எல்லாம் வந்துவிட்டதா?

நிரல் பிழையின்றி முடிந்தது என்பதற்கும் எல்லாப் பதிவுகளும் வந்துவிட்டன என்பதற்கும் இடையே இடைவெளி உண்டு. அதை அளக்க ஒவ்வொரு ஓட்டமும் சிலவற்றை எழுதி வைக்க வேண்டும்: தொடங்கிய குறி, முடிந்த குறி, படித்த பக்கங்கள், புதிதாகச் சேர்ந்தவை, மாற்றப்பட்டவை, ஓட்டத்தின் முடிவில் வரம்பில் இருந்த மீதம், காத்திருந்த நொடிகள். தினமும் இருநூறு பதிவுகள் மாறும் திட்டத்தில் மூன்று நாள் தொடர்ந்து சுழியம் என்று வந்தால், நிரல் தோற்காவிட்டாலும் ஏதோ தவறு. மேற்கவிவு இருப்பதால், ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் கடைசிப் பதிவை மறுபடி காண வேண்டும். அதுகூட வரவில்லை என்றால் டோக்கனின் அனுமதி, `since` நேரத்தின் வடிவம் ஆகிய இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

நேரக்குறி முறையால் பிடிக்கவே முடியாத மாற்றம் ஒன்று இருக்கிறது. நீக்கப்பட்ட இஷ்யூவும் வேறு திட்டத்துக்கு மாற்றப்பட்ட இஷ்யூவும் பட்டியலில் வருவதே இல்லை. மாற்ற நேரம் புதுப்பிக்கப்பட்டு வர, பதிவே அங்கு இல்லை. உள்ளூர் நகலில் மட்டும் அவை எஞ்சி நிற்கும். இதற்காக வாரம் ஒரு முறை குறியைப் பொருட்படுத்தாமல் முழுப் பட்டியலையும் படித்து, சேவையில் உள்ள `id` எண்களை உள்ளூர் எண்களோடு ஒப்பிட வேண்டும். 12,000 பதிவுகளுக்கு அது 120 கோரிக்கைகள்தான். உள்ளூரில் இருந்து சேவையில் காணாத ஒவ்வொரு எண்ணையும் நீக்குவதற்கு முன் தனியாக ஒரு முறை கேட்டுப் பார்ப்பது பாதுகாப்பு: நீக்கப்பட்டிருந்தால் 410 அல்லது 404 வரும், இடம் மாறியிருந்தால் 301 வரும். உறுதியான பிறகும் வரியை அழிக்காமல் 'நீக்கப்பட்டது' என்று குறித்து வைத்தால், ஒப்பீடே தவறாகிப்போன நாளிலும் மீட்டெடுக்க முடியும். சேவையில் இருந்து உள்ளூரில் இல்லாத எண்கள் கிடைத்தால், அவை தினசரி ஓட்டம் தவறவிட்டவை. அந்த எண்ணிக்கை வாரந்தோறும் சுழியமாக இருப்பதே பக்கங்களும் வரம்பும் சரியாகக் கையாளப்படுகின்றன என்பதற்கான சான்று.